ரவிக்கைக்குக் கொடுத்த நம்பர்

திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரு சின்னச் சேலைக் கடை இருக்கிறது. சின்னாளபட்டி சுங்குடியும் சாதாரண காட்டனும்தான் சரக்கு. உள்ளே ஒரு மூலையில் ரவிக்கை தைக்கும் டெய்லர் அண்ணன் உட்கார்ந்திருப்பார். துணி கொடுத்துவிட்டுப் போகிறவர்களிடம் “தைத்து முடித்ததும் கூப்பிடுகிறோம்” என்று சொல்லி நம்பர் வாங்கி, நீளமான நோட்டு ஒன்றில் எழுதிவைப்போம். நாலு வருடத்தில் அந்த நோட்டில் 1,140 நம்பர் சேர்ந்திருந்தது.

2023 தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், அந்த நோட்டைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை பேருக்கும் தள்ளுபடிச் செய்தி அனுப்பினால் என்ன? கொழுந்தனார் மகன் கடைக்கு உதவியாக இருந்தான். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு முந்நூறு நம்பரைக் கடை போனில் ஏற்றி, வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கிச் சேர்த்துவிட்டான். அன்றைக்கே நாற்பது பேர் வெளியேறினார்கள். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ஒரு அம்மா கடைக்கு வந்தார். முகமே சரியில்லை. குரூப்பில் இருந்த யாரோ ஒரு ஆள் அவருடைய நம்பரை எடுத்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் செய்தி அனுப்பத் தொடங்கியிருக்கிறான். வீட்டில் பெரிய சண்டை. “நான் ரவிக்கை தைக்கத்தானே நம்பர் குடுத்தேன்? அதை எதுக்கு ஊருக்கெல்லாம் காட்டுனீங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை. குரூப்பில் ஒருவர் நம்பர் மற்ற எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்போது அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான். குரூப்பை அன்றே கலைத்தோம். ஆனால் அதற்குள் நிறையப் பேர் ரிப்போர்ட் அடித்திருந்ததால் கடையின் வாட்ஸ்அப் கணக்கும் ஒரு நாள் முடங்கிப் போனது. தீபாவளி நேரத்தில்.

பண்டிகை முடிந்து கணக்கு பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்துத் தம்பியிடம் இதைச் சொன்னேன். அந்த வருடம் ஆகஸ்டில்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. அதற்கான விதிகள் பின்னால் 2025 நவம்பரில் வெளியாயின; கடைகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அந்தத் தம்பி சட்டத்தை எனக்கு ஒரே கேள்வியாகச் சுருக்கிக் கொடுத்தார். “எதுக்குன்னு சொல்லி வாங்குனீங்களோ, அதுக்கு மட்டும்தானக்கா பயன்படுத்துறீங்க?” அந்த அம்மா கேட்டதும் இதேதான். அப்படிப் பார்த்தால் நோட்டில் இருந்த 1,140 நம்பரில் ஒன்றுகூட விளம்பரம் அனுப்ப எனக்கு உரிமை தந்ததில்லை. எல்லாருக்கும் ஒரு செய்தி போட்டு “சம்மதமா?” என்று கேட்கலாமே என்று கொழுந்தனார் மகன் சொன்னான். கேட்காமல் அனுப்பும் இன்னொரு செய்திதானே அதுவும்? வேண்டாம் என்று முடிவு செய்தேன். முதலிலிருந்து தொடங்கினோம்.

முதல் முயற்சி ஒரு சீட்டு. உள்ளங்கை அளவு. பில்லோடு ஒட்டாமல் தனியாக அச்சடித்தோம். வாசகத்தை நாலைந்து தடவை மாற்றி எழுதியபின் இப்படி நின்றது:

“புது வரவு, தள்ளுபடி பற்றி மாதம் இரண்டு முறைக்கு மிகாமல் எனக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம். வேறு எதற்கும் இந்த நம்பரைப் பயன்படுத்தக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் ‘வேண்டாம்’ என்று பதில் போட்டு நிறுத்திக்கொள்வேன்.”

கீழே ஒரு வெற்றுக் கட்டம், பெயர், நம்பர், தேதி. கட்டத்தில் டிக் போடுவது வாடிக்கையாளர் வேலை. முன்கூட்டியே டிக் அச்சடித்த சீட்டைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. “மாதம் இரண்டு” என்ற எண்ணைப் போட எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது, கையைக் கட்டிக்கொள்கிறோமே என்று. ஆனால் அந்த வரியைப் படித்த பிறகுதான் பலர் பேனாவைக் கையில் எடுத்தார்கள்.

அப்புறம் நான் இரண்டு தப்பு செய்தேன். சீட்டு நிரப்பினால் பில்லில் 50 ரூபாய் குறைப்பு என்று போர்டு வைத்தேன். நிறையச் சீட்டு வந்தது. ஆனால் 50 ரூபாய்க்காக எழுதியவர்கள் வீட்டுக்காரர் நம்பரையோ, பழைய நம்பரையோ எழுதினார்கள். தள்ளுபடிக்கு விலையாக நம்பரைக் கேட்டால் அது மனதார வந்த சம்மதமாக இராது என்று ஆடிட்டர் தம்பியும் சொன்னார். இரண்டாவது, விற்பனையில் இருந்த பெண்ணுக்குச் சீட்டுக்கு 2 ரூபாய் என்று ஊக்கத்தொகை வைத்தது. ஒரு சனிக்கிழமை மட்டும் 31 சீட்டு. சந்தோஷப்பட்டுக்கொண்டே அடுக்கும்போதுதான் கவனித்தேன். பதினெட்டுச் சீட்டில் ஒரே பச்சை மை, ஒரே சாய்வான டிக். டெய்லரிடம் நம்பர் சொன்னவர்களை எல்லாம் அந்தப் பெண்ணே எழுதி டிக் போட்டிருக்கிறாள். “நீங்கதானக்கா நிறைய வேணும்னு சொன்னீங்க” என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. போர்டையும் ஊக்கத்தொகையையும் எடுத்துவிட்டேன், அந்தப் பதினெட்டையும் கிழித்துப் போட்டேன்.

கல்லாவில் இன்னொரு சங்கடமும் இருந்தது. எழுதத் தயங்குகிறவர்கள் நம்பரைச் சத்தமாகச் சொல்வார்கள், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் கேட்பார்கள். பில் போட நம்பர் வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே சொல்லியிருந்தது. அதனால் பில்லுக்கு நம்பர் கேட்கும் பழக்கத்தையே விட்டோம்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வழியாக அமைந்தது திசையை மாற்றியதுதான். அவர்கள் நம்பரை நாங்கள் வாங்காமல், அவர்களே எங்களுக்கு முதல் செய்தி அனுப்பட்டும் என்று வைத்தோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டை. அதற்குள் இருப்பது இவ்வளவுதான் (எக்ஸ் இருக்கும் இடத்தில் கடை நம்பர்):

```
https://wa.me/91XXXXXXXXXX?text=SELAI%20OK
```

ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் திறந்து “SELAI OK” என்ற செய்தி தயாராக நிற்கும். அனுப்பும் அம்புக்குறியை அவர்கள்தான் தட்ட வேண்டும். சீட்டில் இருந்த அதே வாசகத்தை அட்டையில் பெரிதாக மேலே எழுதிவைத்தோம். இப்படி வந்தால் நம்பர் தப்பாக இருக்க வழியில்லை, யாரும் அடுத்தவருக்காக டிக் போட முடியாது, சம்மதித்த நாளும் நேரமும் அந்த உரையாடலிலேயே பதிந்திருக்கும். க்யூஆர் பழக்கமில்லாத பெரியவர்களுக்குச் சீட்டு இன்னும் உண்டு. ஆனால் அந்த நம்பருக்கு ஒரே ஒரு செய்தி மட்டும் போகும், “சேலைத் தகவல் வேண்டுமென்றால் ‘சரி’ என்று பதில் போடுங்கள்” என்று. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் நம்பரையும் சீட்டையும் அழித்துவிடுவோம். பதினெட்டு வயது ஆகாத பெண் பிள்ளைகள் கேட்டால் அம்மாவை அனுப்பச் சொல்கிறோம்.

அனுப்புவது இப்போது குரூப்பில் அல்ல, பிராட்காஸ்ட் லிஸ்டில். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகத்தான் போகும், இன்னொருவர் இருப்பதே தெரியாது. ஒரு நிபந்தனை உண்டு: அவர்கள் போனில் எங்கள் நம்பரைச் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். முதல் தடவை அனுப்பியபோது பாதிப் பேருக்குப் போகவில்லை, ஏன் என்று புரியாமல் விழித்தோம். செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார் என்று காட்டும். அந்தப் பட்டியலில் வராதவர்களில் பெரும்பாலானோர் நம்பரைச் சேமிக்காதவர்கள். இப்போது க்யூஆர் தட்டிய கையோடு “அக்கா, நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, இல்லேன்னா மெசேஜ் வராது” என்று சொல்லிவிடுகிறோம். சேமிக்காமல் போகிறவர்களைத் துரத்துவதில்லை.

சம்மதம் ஒழுங்கானது என்று நிம்மதியாக இருந்தபோது வைத்திருக்கும் இடத்தில் ஓட்டை தெரிந்தது. கொழுந்தனார் மகன் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் போனில், “பெரியம்மா, உங்க கஸ்டமர் பேரெல்லாம் என் போன்ல வந்து நிக்குது” என்று சிரித்தான். கடை போனை முதலில் அமைத்தபோது அவனுடைய சொந்த ஜிமெயிலைப் போட்டிருக்கிறான். நாங்கள் சேமித்த ஒவ்வொரு பெயரும் அவன் கணக்கில் ஏறி, அவன் புதுப் போன்வரை போயிருக்கிறது. நல்ல பிள்ளை, அதனால் சொன்னான். வேறு யாராவது என்றால்?

அன்று மாலை கடைக்கென்று தனி கூகுள் கணக்கு தொடங்கி, தொடர்புகளை அதற்கு மாற்றி, அவன் கணக்கில் இருந்ததை அவனையே அழிக்கச் சொன்னோம். அவன் உருவாக்கிக் கொடுத்த கூகுள் ஷீட்டைத் திறந்து பார்த்தால் பகிர்வு Anyone with the link என்று இருந்தது. லிங்க் கிடைத்த யாரும் திறக்கலாம். அதை Restricted ஆக்கி, என் கணக்கும் கடைக் கணக்கும் மட்டும் வைத்தேன். வாட்ஸ்அப்பில் Linked devices பார்த்தால் பில்லிங் கம்ப்யூட்டர் இன்னும் இணைந்திருந்தது, அதில் யார் வேண்டுமானாலும் உட்காருவார்கள். துண்டித்தேன். இரட்டைச் சரிபார்ப்பு பின் போட்டேன். அந்தப் பின் டெய்லர் அண்ணனுக்குக்கூடத் தெரியாது, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஷீட்டில் ஐந்தே கட்டம்: கூப்பிடும் பெயர், நம்பர், சம்மதித்த தேதி, க்யூஆரா சீட்டா, எந்த லிஸ்ட். கல்யாண நாளும் பிறந்த நாளும் வாங்கலாம் என்று எனக்கு ஆசை இருந்தது, நகைக்கடைகளில் கேட்பதுபோல. வாங்கியிருந்தால் அதையும் காவல் காக்க வேண்டும், அதனால் விட்டுவிட்டேன்.

“வேண்டாம்” என்று வந்தால் அன்றே லிஸ்டிலிருந்தும் தொடர்புகளிலிருந்தும் ஷீட்டிலிருந்தும் நீக்கிவிட்டு, “நீக்கிவிட்டோம், நன்றி” என்று ஒரு வரி அனுப்புகிறோம். “ஏன்?” என்று கேட்பதில்லை. ஐந்து மாதத்தில் 312 பேர் சேர்ந்தார்கள், ஒன்பது பேர் விலகினார்கள். ஒருவர் திரும்ப வந்து தானே ஸ்கேன் செய்தார்.

டெய்லரின் நம்பர்கள் இப்போது ரவிக்கைச் சீட்டில் மட்டும்தான். துணியை வாங்கிப் போகும்போது சீட்டையும் அவர்களிடமே கொடுத்துவிடுகிறோம். பழைய நோட்டு மட்டும் மிச்சம் இருந்தது. பழைய பேப்பர் கடைக்குப் போடலாம் என்றார் வீட்டுக்காரர். போன மாதம்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாங்கிய பஜ்ஜி, ஏதோ ஒரு கடையின் டெலிவரி நோட்டில் மடித்து வந்தது. எண்ணெய்க் கறைக்கு நடுவில் பெயரும் பத்து இலக்கமும் நன்றாகவே படிக்க முடிந்தது. நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து, பின்கட்டில் ஒரு வாளித் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்துக் கூழாக்கினேன். அட்டையை மட்டும் டெய்லர் அண்ணன் அளவு எழுத எடுத்துக்கொண்டார்.