‘பெரிசாகுது மிஸ்’

ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் மணிகளைக் கொடுத்தால் சிவப்பு வெள்ளை, சிவப்பு வெள்ளை என்று கோத்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே விதிப்படி கூடிக்கொண்டே போகும் வளரும் அமைப்புக்கு வரும்போது இந்தப் பழக்கம்தான் குறுக்கே நிற்கும். ஒரே நூலில் ஒரு சிவப்பு ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு மூன்று வெள்ளை எனக் கோத்து, அடுத்தது என்ன என்று கேட்டால், மறுபடியும் ஒரு வெள்ளைக்கே திரும்பிவிடும் குழந்தைகள் உண்டு. அவர்கள் கண்ணுக்கு ஒரு சுற்று முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு படிக்கும் தனி நூல் எடுத்து, சிவப்பு மணிகள் நேராக வரும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் படிக்கட்டு தெரியும். நாலாவது நூல் தானாக வரும்.

பிறகு சதுர வில்லைகள். முதல் படிக்கு ஒரு சிவப்பு வில்லை. இரண்டாவதில் அதன் மேலே ஒரு நீலம், வலப்பக்கம் ஒரு நீலம். மூன்றாவதில், மேலே ஒன்று, வலப்பக்கம் ஒன்று என உருவத்தின் இரண்டு கைகளும் ஒவ்வொரு வில்லை நீளும். 1, 3, 5, 7, 9 என ஐந்து படிக்கு 5 சிவப்பு, 20 நீலம் வேண்டும். சரியாக 25 கொடுக்கக் கூடாது. கையிருப்பு தீர்ந்ததும் வேலை முடிந்தது என்று குழந்தை நினைத்துக்கொள்ளும், 30 கொடுக்கலாம். ஒவ்வொரு படியும் தனித்தாளில் இருக்கட்டும். ஒரே உருவத்தை நீட்டிக்கொண்டே போனால் முந்தைய படி மறைந்துபோய், ஒப்பிட ஒன்றும் இருக்காது.

நாலாவது படியில் எண்ணிக்கை ஏழு சரியாக இருந்தும், ஒரு கையில் நாலு, இன்னொன்றில் இரண்டு வைத்திருப்பார்கள். எண் வளர்ந்தது, உருவம் கோணியது. சிலர் உள்பக்கத்தையும் நிரப்பி முழுச்சதுரம் ஆக்குவார்கள்: 1, 4, 9. அதுவும் வளரும் அமைப்புதான். கலைக்கச் சொல்லாமல் அதன் விதியைக் கேட்கலாம்.

விதி என்று கேட்டால் முதலில் வருவது ‘பெரிசாகுது’. அடுத்து ‘ரெண்டு ரெண்டா கூடுது’. உண்மைதான், ஆனால் எங்கே கூடுகிறது? ‘எத்தனை?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு ‘எது மாறவே இல்லை, எதைப் புதுசா வெச்சே?’ என்று கேட்டால், ‘சிவப்பு அப்படியே இருக்கு, மேல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு’ என்று வரும்.

அந்தச் சொற்கள் போதுமா என்று பார்க்க, இரண்டு பேருக்கு நடுவே புத்தகப் பையை நிறுத்தி வைக்கலாம். ஒருவர் சொல்ல, மற்றவர் மூன்றாவது படியிலிருந்து நாலாவதைக் கட்ட வேண்டும். ‘பக்கத்துல’ என்றதும் கேட்பவர் இடப்பக்கம் வைத்துவிடுவார். சண்டை வரும், அந்தச் சண்டையில்தான் ‘கடைசி நீலத்துக்கு அந்தாண்ட, சன்னல் பக்கம்’ என்ற திருத்தம் பிறக்கிறது. எதிரெதிரே உட்கார வைத்தால் இடம் வலம் மாறிப்போகும், அருகருகே உட்கார வேண்டும். நாம் அழகான வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தால் அப்படியே ஒப்பிப்பார்கள், பையை வைத்ததும் தடுமாறுவார்கள்.

பத்தாவது படியைக் கட்டாமல் சொல்லச் சொன்னால் பலர் திணறுவார்கள், விட்டுவிடலாம். ‘மேல ஒம்போது, பக்கத்துல ஒம்போது’ என்று ஒரு குழந்தை சொன்னால், மொத்தம் எத்தனை என்று கேட்டு அதைக் கெடுக்க வேண்டாம்.