பிளவு, இணைவு விரிதாள்: கடைசியில் கணக்கு ஒத்து வந்தது

பழைய அணுகுண்டுச் சோதனைகளின் ஆற்றல் கணக்கை விரிதாளில் போட்டுப் பார்க்கும் என் பொழுதுபோக்கில் பெரிய முடிச்சு ஒன்று அவிழ்ந்திருக்கிறது. பிளவு குண்டைவிட இணைவு குண்டு ஏன் இத்தனை மடங்கு பெரிதாக வருகிறது என்பதுதான் அந்த முடிச்சு. நிறைக்குறைவிலிருந்து ஆற்றல் எடுப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே, அதை விட்டுவிடுகிறேன்.

முதல் தாள் பிளவுக்கானது. ஒரு நியூட்ரான் ஒரு யுரேனியம்-235 அணுக்கருவைப் பிளக்கிறது, வெளிவரும் நியூட்ரான்களில் இரண்டு அடுத்த இரண்டைப் பிளக்கின்றன என்று வைத்துக்கொண்டேன். சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்:

```
=A2*2
```

A2-இல் 1 என்று போட்டு, A3-இலிருந்து இதைக் கீழே இழுத்துக்கொண்டே போனால் 81-வது தலைமுறையில் மொத்தம் ஏறக்குறைய 940 கிராம் யுரேனியம் பிளந்திருக்கும். ஒரு தலைமுறைக்கு ஒரு நொடியின் பத்து கோடியில் ஒரு பங்கு என்று வைத்தால், எல்லாம் ஒரு மைக்ரோநொடிக்குள் முடிந்துவிடுகிறது.

நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தது கடைசி ஏழு வரிசைகளில்தான். மொத்த ஆற்றலில் 99 சதவீதம் அங்கேதான் வருகிறது. அதற்கு முந்தைய எழுபத்துச் சொச்சம் வரிசைகளையும் கூட்டினால் ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஆனால் அந்தக் கடைசி வரிசைகளில்தான் உலோகம் கொதித்து ஆவியாகி விரியத் தொடங்குகிறது. விரிந்தால் அணுக்கருக்களுக்கு இடையே இடைவெளி கூடி, நியூட்ரான்கள் எதிலும் படாமல் வெளியேறிவிடும். சங்கிலி மூன்று வரிசை முன்னதாக அறுந்தால் கிடைப்பது எட்டில் ஒரு பங்குதான். ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் 64 கிலோ யுரேனியம் இருந்தும் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு, வெடிப்பு சுமார் 15 கிலோடன் என்பதை இந்தத் தாள் நன்றாகவே விளக்கிவிடுகிறது.

சரி, எரிபொருளை அள்ளிப் போட்டால்? அங்கேதான் மாறுநிலை நிறை குறுக்கே நிற்கிறது. அந்த அளவைத் தாண்டிய யுரேனியம் நமக்காகக் காத்திருக்காது, தானே சங்கிலியைத் தொடங்கிவிடும். வெடிக்கும் கணம் வரை மாறுநிலைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பதால் அளவுக்கு ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது. பிளவை மட்டும் நம்பி அமெரிக்கா வெடித்தவற்றில் மிகப் பெரியது 1952 நவம்பரில் நடந்த ஐவி கிங் சோதனை. 500 கிலோடன்.

அதே மாதத் தொடக்கத்தில், அதே எனிவெடாக் பவளத்தீவில் ஐவி மைக் என்ற இணைவு குண்டு வெடித்தது. 10.4 மெகாடன், இருபது மடங்குக்கு மேல்.

இரண்டாவது தாளில் எனக்கு எரிச்சல் தந்தது இந்த இருபதுதான். அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகான எம்.இ.வி.யில் சொன்னால், ஒரு யுரேனியம் அணுக்கரு பிளந்தால் சுமார் 200. ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைந்தால் 17.6 மட்டுமே. தனித்தனி நிகழ்வாகப் பார்த்தால் இணைவு தோற்றுப்போகிறது. அணுக்கருவில் உள்ள துகள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் படம் மாறுகிறது: 200-ஐ 235-ஆல் வகுக்க 0.85, 17.6-ஐ 5-ஆல் வகுக்க 3.5. ஒரே எடைக்கு இணைவு நான்கு மடங்கு. ஆனால் நான்கு எங்கே, இருபது எங்கே?

விடை ஆற்றல் அட்டவணையில் இல்லை, தொடங்கும் விதத்தில் இருக்கிறது. இணைய வேண்டிய அணுக்கருக்கள் இரண்டுமே நேர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறிச் சேர கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும். அதனால் டியூட்டிரியத்தை எவ்வளவு குவித்தாலும் அது ஈரவிறகு மாதிரிதான், தானாகப் பற்றாது. மாறுநிலை நிறை என்ற பேச்சே இல்லை. அந்த வெப்பத்தைத் தர முதலில் ஒரு பிளவு குண்டு வெடிக்க வேண்டும். பற்றிய பிறகு எரிபொருளின் அளவுக்கு அந்தப் பழைய உச்சவரம்பு கிடையாது.

இதற்குப் பிறகும் மைக்கின் கூட்டுத்தொகை இணைவால் மட்டும் நிறையவில்லை. நிறைத்தது தாளின் மூன்றாவது நெடுவரிசை. இணைவில் வரும் நியூட்ரான் 14 எம்.இ.வி. ஆற்றலுடன் பாய்கிறது. சங்கிலியைத் தாங்க வக்கில்லாத சாதாரண யுரேனியம்-238-ஐக்கூட அது பிளந்துவிடும். தானாகச் சங்கிலி ஓடாது என்பதால் அதற்கும் மாறுநிலைத் தொல்லை இல்லை. மைக்கின் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் இந்த வகையில் வந்த பிளவுதான். பெயர் ஹைட்ரஜன் குண்டு, வேலையில் பெரும்பகுதி யுரேனியத்துடையது! கதிரியக்கச் சாம்பல் அவ்வளவு விழுந்ததற்கும் காரணம் அதுவே.

சரிபார்க்க 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் வெடித்த ஜார் குண்டை எடுத்தேன். வடிவமைப்பு 100 மெகாடனுக்கானது. யுரேனியத்துக்குப் பதில் ஈயம் வைத்ததால் சுமார் 50-இல் நின்றது. என் தாளில் மூன்றாவது நெடுவரிசையை அழித்தால் மொத்தம் அதே போலச் சரிகிறது. இதற்குத்தான் இவ்வளவு பாடும்.

அணுநிறை எண்களை ஒரே அட்டவணையிலிருந்து எடுங்கள். இரண்டு இடங்களிலிருந்து கலந்தால் கடைசி இலக்கங்கள் உதைக்கும், நிறைக்குறைவு அந்த இலக்கங்களில்தான் இருக்கிறது. அடுத்து 1954-இன் காசில் பிராவோ: 6 மெகாடன் எதிர்பார்த்து 15 வந்த சோதனை. எரிபொருளில் சும்மா இருக்கும் என்று நம்பிய லித்தியம்-7 டிரிட்டியத்தைக் கக்கியது. அதற்கான நெடுவரிசையை இப்போதே திறந்து வைத்திருக்கிறேன், முதல் தாளில் உலோகம் விரியும் வேகத்தை இன்னும் சேர்க்கவில்லை என்றாலும்.