நூறு சொல்லுக்குள் உத்திரமேரூர்: ஆய்வுச்சுருக்க நாட்குறிப்பு

2024 ஜூலை 8, திங்கள்

கட்டுரை முடிந்துவிட்டது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டையும் விதி விதியாக ஒப்பிட்டு எழுதியது. ஒன்று 919, மற்றது 921. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஓலை குலுக்கி ஆளெடுக்கும் குடவோலை முறை என்றதும் எல்லோரும் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டில் எது மாறியது, எது மாறவில்லை என்பதுதான் என் கேள்வி.

இதழின் நெறிமுறையில் ஒரு வரி: ஆய்வுச்சுருக்கம் 100 சொற்களுக்கு மிகக்கூடாது, மிகுந்தால் மதிப்பீட்டுக்கே அனுப்பப்படாது. நான் எழுதி வைத்திருப்பது 231.

இன்று முதல் பத்தியை மட்டும் பார்த்தேன். தொடக்க வாக்கியம் இது: "தமிழகத்தின் நீண்ட நெடிய வரலாற்றில் சோழர் காலம் பல்வேறு துறைகளிலும் சிறந்து விளங்கிய ஒரு பொற்காலமாக வரலாற்றறிஞர்களால் போற்றப்படுகிறது." பதினான்கு சொல். வேறு எந்தச் சோழர் காலக் கட்டுரைக்கும் இதை அப்படியே தூக்கி வைக்கலாம். எடுத்துவிட்டேன். அடுத்து, உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது, கல்வெட்டு எந்தக் கோயிலில் இருக்கிறது, அதை வெங்கையா தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் எப்படி வெளியிட்டார் என்று மூன்று வாக்கியம். எல்லாம் உண்மை, கட்டுரைக்குள் அடிக்குறிப்புடன் இருக்கிறது. இந்த இதழை வாங்கிப் படிப்பவருக்கு அது தெரியாமல் இருக்காது. அதுவும் போனது.

ஜூலை 9, செவ்வாய்

இன்று வினைகளில் கைவைத்தேன். ஆய்வுத்தமிழில் பாதிச் சொல் வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது. "இவ்வாய்வுக் கட்டுரையானது உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை ஒப்பிட்டு ஆராய்வதை முதன்மை நோக்கமாகக் கொண்டு அமைகிறது" என்று பத்து சொல்லில் எழுதியிருந்தேன். "இக்கட்டுரை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டை ஒப்பிடுகிறது" என்றால் ஐந்து. பொருள் ஒரு துளியும் குறையவில்லை. எத்தனை கல்வெட்டு என்பதும் கூடுதலாக வந்துவிட்டது. "காணமுடிகிறது", "அறியப்படுகிறது", "என்பது குறிப்பிடத்தக்கது" எல்லாம் இதே வழியில் உதிர்ந்தன.

விடுதியில் பக்கத்து அறை நண்பன் எட்டிப் பார்த்தான். "சேர்த்து எழுதிடேன்டா, வேர்டு இடைவெளியைத்தானே எண்ணுது" என்றான். "வாரியஉறுப்பினரின்வயதுவரம்பு" என்று நான்கையும் ஒட்டினால் ஒரே சொல்லாகத்தான் காட்டும், சரி. தமிழில் இதற்கு ஓரளவு நியாயமான இடமும் இருக்கிறது. "இந்தக் கட்டுரை" என்பது இக்கட்டுரை ஆகலாம், "மூன்று ஆண்டு" என்பது மூன்றாண்டு ஆகலாம். இவை இயல்பாகவே சேர்த்து எழுதப்படுபவை. ஆனால் எண்ணிக்கைக்காகவே ஒட்டிய சொல் படிக்கிறவர் கண்ணில் முள்ளாகக் குத்தும். இன்னொன்று, இதழின் தளத்தில் ஒருவர் "வயது" என்று தனிச்சொல்லாகத் தேடினால் ஒட்டிய சொல்லுக்குள் இருக்கும் வயது சிக்காமலே போகலாம். இயல்பாகச் சேர்பவற்றை மட்டும் சேர்த்தேன்.

இப்போது 148.

ஜூலை 11, வியாழன்

இனிமேல் ஒவ்வொரு சொல்லாகக் கிள்ளினால் ஆகாது. எதைச் சொல்லப்போகிறேன் என்பதையே முடிவு செய்ய வேண்டும். நெறியாளரிடம் எடுத்துப்போனேன். படித்துவிட்டு, "இதுல கட்டுரையோட முடிவு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். கடைசி வாக்கியத்தைக் காட்டினேன்: "இரு கல்வெட்டுகளுக்கும் இடையிலான ஒற்றுமை வேற்றுமைகள் இக்கட்டுரையில் விரிவாக விளக்கப்பட்டுள்ளன."

"விளக்கியிருக்கேன்னு சொல்றது முடிவில்ல. என்ன வேற்றுமைன்னு சொல்லு. கட்டுரை கையில கிடைக்காதவன் இந்த நூறு சொல்லைத்தான் மேற்கோள் காட்டப்போறான்."

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு உள்ளடக்கத்தை அதே இடத்தில் வைத்தேன். 919இல் வாரிய உறுப்பினருக்கு வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். 921இல் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். இதை "வயது வரம்பில் மாற்றம் காணப்படுகிறது" என்று எழுதியிருந்தேன். எண்ணைப் போட்டால் சில சொல் கூடுகிறது, ஆனால் படிப்பவருக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது.

அதேபோல் ஓலை எடுக்கும் விதம். குடத்துக்குள் கைவிடும் விவரமறியாத சிறுவன் 919இலேயே இருக்கிறான். ஆனால் 921இல் அவன் எடுத்ததை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று வாங்க வேண்டும், வாங்கிப் படிக்க வேண்டும், அங்கே இருக்கும் நம்பிமார், அதாவது பூசாரிகள், எல்லோரும் அதைப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு அசைவும் எழுதப்பட்டிருக்கிறது. விரித்த கையில் இன்னொரு ஓலையை ஒளிக்க முடியாது. இந்த ஒரு காட்சிக்காக எத்தனை சொல் வேண்டுமானாலும் தரலாம் என்று தோன்றியது. பதின்மூன்று கொடுத்தேன், விதிகளைச் சொல்லும் வாக்கியங்களில் அதிக இடம் பிடித்தது அதுதான்.

விட மனமில்லாமல் விட்டது ஒன்று: கால் வேலி நிலம் இல்லாவிட்டாலும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்ற 921இன் சலுகை. அருமையான செய்தி. ஆனால் என் முடிவு கணக்கையும் குலுக்கலையும் பற்றியது. இந்தச் சலுகை அதைத் தாங்கவில்லை. கட்டுரைக்குள் அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே இருக்கட்டும்.

மாறாதவற்றை எடுத்துவிடலாமா என்றும் யோசித்தோம். "நிலம், வீடு, வேதப் பயிற்சி ஆகிய தகுதிகளும் மூன்றாண்டு இடைவெளியும் தொடர்கின்றன" என்று ஒன்பது சொல். மூன்றாண்டு இடைவெளி என்பது வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வருவதற்கு முன் விட வேண்டிய காலம். நெறியாளர் கூடாது என்றார், எனக்கும் அதே எண்ணம். இது இல்லாவிட்டால் 921இல் எல்லாமே தலைகீழாக மாறியது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஜூலை 12, வெள்ளி

கடைசி வாக்கியத்தில் வாக்குவாதம். நான் எழுதியது: "முறைகேடு இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் கல்வெட்டு அதை நேரடியாகச் சொல்லவில்லை." ஒன்பது சொல். நண்பன் நான்கில் முடித்துக் கொடுத்தான்: "முறைகேட்டைத் தடுக்கவே விதிகள் திருத்தப்பட்டன." ஐந்து மிச்சம், வாக்கியமும் கம்பீரமாக நிற்கிறது.

ஆனால் அது வேறு கூற்று. 921 கல்வெட்டு, தீயோர் அழிந்து நல்லோர் தழைக்க இந்த ஏற்பாடு என்று பொதுவாகச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவரை விலக்கி, அவருடைய உறவினரை முறை சொல்லி ஒவ்வொருவராக விலக்குகிறது. அதைப் படிக்கும்போது ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் 919க்கும் 921க்கும் நடுவில் உத்திரமேரூரில் யார் கணக்கை மறைத்தார், யார் ஓலையை மாற்றினார் என்று அந்தக் கல்வெட்டு ஒரு வரியும் சொல்லவில்லை. கட்டுரையில் இரண்டு பக்கத்துக்குத் தயங்கித் தயங்கி எழுதியதைச் சுருக்கத்தில் உறுதியாக அடித்துச் சொன்னால், கட்டுரையும் சுருக்கமும் இரண்டு வேறு ஆட்கள் எழுதியது போல் ஆகிவிடும். சொல் குறைக்கும்போது முதலில் உதிர்வது இந்த "லாம்"தான். கவனித்துப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

ஒன்பது சொல்லும் நின்றது.

ஜூலை 15, திங்கள்

இறுதி வடிவம்:

"பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்கான ஒரே சான்றாகவே பெரும்பாலும் சேர்த்துப் பேசப்படுகின்றன. இக்கட்டுரை அச்சான மூலப்பாடங்களை விதிவாரியாக ஒப்பிடுகிறது. வாரிய உறுப்பினரின் வயது வரம்பு 30–60 என்பதிலிருந்து 35–70 ஆகிறது. கணக்குக் காட்டாதோருக்கும் அவர்தம் உறவினருக்குமான தடை விரிவான உறவுமுறைப் பட்டியலுடன் இரண்டாவதில் வருகிறது. ஓலை எடுக்கும் சிறுவன் முன்னதிலேயே உண்டு. எடுத்த ஓலையை மத்தியஸ்தன் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிப்பதும், நம்பிமார் அனைவரும் அதைப் படிப்பதும் பின்னதில் வருகின்றன. நிலம், வீடு, வேதப் பயிற்சி ஆகிய தகுதிகளும் மூன்றாண்டு இடைவெளியும் தொடர்கின்றன. ஆகவே 921ஆம் ஆண்டு ஏற்பாடு புதிய முறையன்று, முந்தையதன் திருத்தம். திருத்தத்தின் அழுத்தம் கணக்கின் மீதும் குலுக்கலின் வெளிப்படைத்தன்மை மீதும் விழுகிறது. முறைகேடு இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் கல்வெட்டு அதை நேரடியாகச் சொல்லவில்லை."

வேர்டில் 90. பத்து சொல் மிச்சம் இருக்கிறது. அரைக்கால் வேலியைத் திரும்பக் கொண்டுவர ஆசைதான். கொண்டுவந்தால் தொடரும் தகுதிகளைப் பற்றிய வாக்கியத்துக்கு ஒரு விதிவிலக்கு வைத்து, அந்த விதிவிலக்குக்கு ஒரு விளக்கம் வைக்க வேண்டும். அப்படியே விட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

இதழின் தளத்தில் ஒட்டியதும் பெட்டிக்குக் கீழே சிவப்பில் முந்நூற்றுக்கும் மேல் ஓர் எண். "சமர்ப்பி" பொத்தான் வேலை செய்யவில்லை. முதலில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளைச் சந்தேகப்பட்டேன்; பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் சொல்லுக்கு நடுவே இடைவெளி நுழைவது உண்டு. ஆனால் இது நானே யூனிகோடில் தட்டியது. புதிதாகத் தட்டிப் பார்த்தும் அதே எண்.

கணினித் துறையில் இருக்கும் விடுதித் தோழர் ஒருவர் வந்து பைத்தானில் காட்டினார்:

```python
import re
len(re.findall(r'\w+', 'கல்வெட்டு'))   # 4
len('கல்வெட்டு'.split())              # 1
```

புள்ளியையும் எகர, உகரக் குறிகளையும் இந்த `\w` எழுத்தாகவே ஏற்பதில்லை. அவை வரும் இடமெல்லாம் சொல் முடிந்ததாக எண்ணிக்கொள்கிறது. அதனால் கல்வெட்டு "கல", "வ", "ட", "ட" என்று நான்காகச் சிதறுகிறது. இரண்டாவது வரி இடைவெளியை மட்டும் பார்ப்பதால் ஒன்று என்கிறது. தளத்தில் இருப்பதும் முதல் வகை எண்ணியாகத்தான் இருக்கும் என்றார். மூன்றெழுத்துச் சொற்கள் இரண்டை மட்டும் ஒட்டிப் பார்த்தோம். "நிலம்" ஒன்றில்லை, இரண்டு என்று காட்டியது. "வயது" ஒன்று. கடைசி எழுத்தின் உகரத்துக்குப் பின் வேறு எழுத்து இல்லாததால் அது தப்பித்தது.

ஆக இங்கே குறைக்க ஒன்றுமில்லை. இந்த எண்ணியை நம்பி நூறுக்குள் கொண்டுவந்தால் முப்பது சொல்கூட மிஞ்சாது. பதிப்பாசிரியருக்கு இரண்டு வரி உதாரணத்துடன் மின்னஞ்சல் அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது: சுருக்கத்தைக் கட்டுரையின் .docx கோப்பிலேயே முதல் பக்கத்தில் வைத்து மின்னஞ்சலில் அனுப்பினால் போதும், வேர்டு காட்டும் எண்ணிக்கையை ஏற்றுக்கொள்கிறோம்.

திறவுச்சொற்கள் தனிக் கணக்கு, ஐந்து தரலாம். சுருக்கத்தில் உத்திரமேரூர் என்று எழுதியிருப்பதால் திறவுச்சொல்லில் "உத்தரமேரூர்" என்ற வடிவத்தை வைத்தேன்; இரண்டு விதமாகவும் தேடுகிறார்கள். கூடவே சபை, ஏரி வாரியம், ஊராட்சி, சதுர்வேதிமங்கலம். இவை எதுவும் சுருக்கத்துக்குள் இல்லாதவை. இரவு ஒன்பது மணிக்கு அனுப்பியாகிவிட்டது.