காய்ந்த புல்லும் கிறவல் பாதையும்: புல்வெட்டும் ரோபோவுக்கு வித்தியாசம் காட்டுதல்

திருகோணமலையில் ஐப்பசி மழை தொடங்கினால் புல் பச்சையாகி மாசி வரை அப்படியே நிற்கும். வைகாசி தாண்டி கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் அதே புல் கிறவல் நிறத்துக்கு வந்துவிடும். உப்புவெளி விடுதிகளுக்கு ஆட்கள் அதிகம் வருவதும் அந்தக் காய்ந்த மாதங்களில்தான். மாமாவின் விடுதி வளவில் ஓட்டுவதற்காக நான் கட்டிவரும் ரோபோவுக்கு அதனால் பச்சைப் புல்லை அடையாளம் காண்பது மட்டும் போதாது. மஞ்சள் பழுப்பாகக் கிடக்கும் அறுகம்புல்லையும் அதை ஒட்டி ஓடும் கிறவல் பாதையையும் அது பிரித்தறிய வேண்டும். பாதையில் பிளேடு சுற்றினால் கல் தெறிக்கும், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள். எனக்கு முக்கியமான விஷயம் இதுதான்.

கமராப் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் எதுவென்று சொல்லும் மொடல் பெரிதாக ஒன்றுமில்லை. ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் ஓட வேண்டும் என்பதால் டோர்ச்விஷன் என்ற பைதான் நூலகத்தில் இருக்கும் `lraspp_mobilenet_v3_large` ஐ எடுத்தேன். இமேஜ்நெட் என்ற பெரிய படத்தொகுப்பில் பழகிய அடிப்பகுதியோடு வருவதால் சில நூறு படங்களை வைத்தே தொடங்கலாம். வகுப்புகள் மூன்று: புல், பாதை, மற்றவை. சுவர், பூச்சாடி, தண்ணீர் ஹோஸ், நாய் எல்லாம் மூன்றாவதில் போகும். படங்களில் எல்லை கீறியது சிவாட் என்ற மென்பொருளில். பாதையோரத்தில் புல்லும் கல்லும் கலந்து கிடக்கும் இடத்தை எந்தப் பக்கமும் சேர்க்காமல் 255 என்ற எண்ணைக் கொடுத்து, பயிற்சியில் `ignore_index=255` போட்டுவிட்டேன். மனிதனே சரியாகச் சொல்ல முடியாத பிக்சலுக்காக மொடலைத் தண்டிப்பதில் அர்த்தமில்லை.

சோதனைப் படங்களை நாள்வாரியாகப் பிரித்தேன். ரோபோ ஓடும்போது எடுக்கும் படங்களில் அடுத்தடுத்த இரண்டு ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் குலுக்கிப் பிரித்தால், பயிற்சியில் பார்த்த காட்சியையே சோதனையிலும் பார்த்து மொடல் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அதனால் மழைக்காலப் படங்களில் பயிற்றுவித்து, ஆவணி மாதப் படங்களைத் தனியே சோதனைக்கு வைத்தேன்.

மழைக்காலத்தில் அழகாக வேலை செய்த மொடல், ஆவணிப் படங்களில் தடுமாறியது. எவ்வளவு தடுமாறியது என்பதைத் துல்லிய வீதம் காட்டாது. ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 320×180 அளவில் மொத்தம் 57,600 பிக்சல். அதில் உண்மையான பாதை 12,000. மொடல் சரியாகப் பாதை என்று சொன்னது 6,800. மிச்சம் 5,200 ஐப் புல் என்றது. புல்லில் 800 ஐப் பாதை என்றது. மொத்தப் பிழை 6,000, அதாவது கிட்டத்தட்ட 90 வீதம் சரி. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பாதைக்கு மட்டும் ஐஓயு, அதாவது மொடல் சொன்ன பாதையும் உண்மைப் பாதையும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு, போட்டுப் பாருங்கள். சரியான 6,800 ஐ, உண்மைப் பாதையும் தவறாகச் சொன்ன 800 உம் சேர்ந்த 12,800 ஆல் வகுத்தால் 0.53 தான் வரும். பாதையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் பிளேடு ஓடப் போகிறது என்று இதற்குப் பொருள். ஆகவே நான் பார்ப்பது பாதையின் ஐஓயுவையும், பாதையைப் புல் என்று சொன்ன பிக்சல்களையும்தான். புல்லைப் பாதை என்று நினைத்தால் கொஞ்சம் புல் வெட்டாமல் நிற்கும், அவ்வளவுதான்.

காரணம் நிறம் என்ற சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு எளிய வழி இருக்கிறது. மழைக்காலப் படங்களையே கறுப்பு வெள்ளையாக்கி மொடலுக்குக் கொடுத்தேன். புல்லின் தாள்கள் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அந்தப் படங்களிலும் மொடல் குழம்பியது. பச்சை என்றால் புல் என்பதோடு அது நின்றுவிட்டது என்று தெரிந்தது. பயிற்சிப் படங்களில் அந்த ஒரு விதி போதுமாக இருந்தபடியால் வேறெதையும் கற்கத் தேவை வரவில்லை.

அப்புறம் செய்தது, நிறத்தை நம்ப முடியாதபடி பயிற்சியைக் குழப்புவது:

```python
from torchvision.transforms import v2

train_tf = v2.Compose([
    v2.RandomHorizontalFlip(),
    v2.ColorJitter(brightness=0.4, contrast=0.4,
                   saturation=0.7, hue=0.06),
    v2.RandomGrayscale(p=0.25),
])
```

நாலில் ஒரு படம் கறுப்பு வெள்ளையாகப் போகும். மற்றவற்றில் செறிவு ஏறி இறங்கும். லேபிள் படத்தை `tv_tensors.Mask` ஆகச் சுற்றிக் கொடுத்தால் நிறமாற்றம் அதைத் தொடாது, திருப்புதல் மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக நடக்கும். இதனால் முன்னேற்றம் வந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் இந்த வேலையின் மையமே பிடிபட்டது.

நிறத்தைப் பறித்துவிட்டால் மிஞ்சுவது மேற்பரப்பின் இழைதான். புல் என்றால் நீளமான மெல்லிய கோடுகள், கிறவல் என்றால் சிறு உருண்டைகள். இமேஜ்நெட்டில் பழகிய வலைகள் வடிவத்தைவிட இழையையே அதிகம் நம்பும் என்று 2019 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது, ஆக இந்த வேலைக்கு அவை தோதானவை. ஆனால் இழை படத்தில் இருக்க வேண்டுமே! என் கமரா 1280 பிக்சல் அகலத்தில் அருகில் சுமார் ஒரு மீட்டர் நிலத்தைப் பார்க்கிறது. ஒரு பிக்சலுக்கு 0.8 மில்லிமீட்டர். அதை 320 ஆகச் சுருக்கியதும் ஒரு பிக்சல் 3 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அறுகின் இலை அகலம் 2 முதல் 4 மில்லிமீட்டர். ஓர் இலை ஒரே பிக்சலுக்குள் கரைந்துபோனால் கோடு எங்கே தெரியும்? காய்ந்த புல்லும் கிறவலும் ஒரே மாதிரிப் பழுப்புத் தேய்ப்பாக மாறிவிடுகின்றன.

சரி, முழுப் படத்தையும் பெரிதாக ஓட்ட பை தாங்காது. படத்தின் மேல் பாதியில் மரமும் சுவரும் தூரத்து நிலமும்தான் இருக்கின்றன, பிளேடை நிறுத்த அவை தேவையில்லை. கீழ்ப் பாதியை மட்டும் வெட்டியெடுத்து, 1280×360 ஐ 640×180 ஆக்கினேன். கணக்கு வேலை இரண்டு மடங்கு, ஆனால் ஓர் இலைக்கு இப்போது ஒன்றரை, இரண்டு பிக்சல் கிடைக்கிறது. இதையும் நிறக் குழப்பத்தையும் சேர்த்துப் பயிற்றுவித்த பிறகு, பயிற்சியில் ஒரு காய்ந்த புல் படம்கூட இல்லாமலேயே ஆவணிப் படங்களில் பாதை ஒரே துண்டாக வந்தது. அதைத் திரையில் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பிழை முற்றாகப் போகவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது. பின்னேரம் நாலரைக்குப் பிறகு தென்னோலையின் நிழல் பாதையில் விழுகிறது. கிறவலின் மேல் மெல்லிய கரும் கோடுகள். மொடலுக்கு அது புல்! விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஐயா இதைக் கண்டுவிட்டு, “தம்பி, காத்தடிச்சா நிழல் ஆடும், பாதை ஆடாதே” என்றார். நல்ல கவனிப்புத்தான், ஆனால் புல்லும் காற்றில் ஆடும், ரோபோவும் நகர்ந்துகொண்டிருக்கும், ஆகவே அசைவை வைத்துப் பிரிப்பதை நான் இப்போதைக்குத் தொடவில்லை. பின்னேர நிழல் படங்களைத் தனியே எடுத்து, நிழலின் கீழ் இருப்பது எதுவோ அந்த லேபிளையே கொடுத்துச் சேர்த்து வருகிறேன். தை, மாசியில் பாதையில் கொட்டும் வேப்பஞ்சருகுக்கும் அதே விதிதான்: கீழே பாதை என்றால் பாதை.

ரோபோவில் முடிவெடுக்கும் இடத்தையும் ஒருபக்கச் சாய்வாக வைத்திருக்கிறேன். பிளேடுக்கு முன்னால் உள்ள பட்டையில் ஒரு பிக்சல் பாதையாக இருக்கும் வாய்ப்பு 0.3 ஐத் தாண்டினாலே பாதை என்று எண்ணுகிறேன். அப்படியான பிக்சல்கள் ஒரே படத்தில் போதிய அளவு வந்தால் பிளேடு நின்றுவிடும். திரும்பச் சுற்ற வேண்டுமானால் அடுத்தடுத்து ஐந்து படங்கள் புல் என்று சொல்ல வேண்டும். பையில் நொடிக்கு நாலு படம் வரையில் ஓடுகிறது. ரோபோ நொடிக்கு 30 சென்ரிமீட்டர் போகிறது, ஆக இரண்டு படங்களுக்கு இடையில் ஏழரை சென்ரிமீட்டர். கமரா பிளேடுக்கு அரை மீட்டர் முன்னால் பார்ப்பதால், பிளேடு பாதையை அடையுமுன் ஆறு படங்கள் கிடைக்கின்றன. இதனால் பாதையோரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் புல் வெட்டப்படாமல் நிற்கிறது, அதை ஐயா கத்தரியால் சரிசெய்கிறார். அடுத்து ஐப்பசி மழை வந்ததும் நனைந்து கறுத்த கிறவலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் குறைவு.