ரிமோட் இல்லாத ஏசியும் சீன மொழி ஆப்பும்

சீனாவின் குவாங்சோவில் ஹைசூ பக்கம் நான் பிடித்த வாடகை அறையில் ஏசி இருந்தது, ரிமோட் இல்லை. முன்பு குடியிருந்தவர் காலி செய்யும்போது எங்கோ தொலைத்துவிட்டாராம். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் வயதுப் பெண்களை அங்கே எல்லோரும் 'ஆயீ' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பாட்டியை ஆயி என்று அழைத்து வளர்ந்த எனக்கு சீனத்தில் சிரமமில்லாமல் வாயில் வந்த முதல் வார்த்தை அது. ஆயி என் கையிலிருந்த போனை வாங்கி, மேல் விளிம்பில் இருந்த சின்னக் கறுப்புப் புள்ளியை விரலால் தட்டிக் காட்டினார். ஏசி ரிமோட்டின் மூக்கில் இருக்குமே, அதே அகச்சிவப்பு விளக்கு. போன் அங்கேயே வாங்கியது, அதனால் இருந்தது. எல்லா போனிலும் இருக்காது.

ரிமோட் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டேன். முழுக்கச் சீனம். போனின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றியும் அது மட்டும் மாறவில்லை. கேமராவை வைத்து மொழிபெயர்த்துப் பார்த்தால் 'காற்றை அனுப்பு', 'ஈரம் புகை' என்ற ரீதியில் வந்தது. இரண்டு நாள் அப்படி அல்லாடிவிட்டு, எழுத்தின் உருவத்தையே அடையாளம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

முதல் வேலை, ஆப்பை ஏசியோடு பொருத்துவது. 空调 என்றால் ஏசி. அதைத் தொட்டு, கம்பெனிப் பெயரைத் தேர்ந்தெடுத்தால், ஆப் ஒரு சிக்னலை அனுப்பிவிட்டு "மெஷின் அசைந்ததா?" என்று கேட்கும். 有反应 என்றால் அசைந்தது, 无反应 என்றால் அசையவில்லை. ஒரே கம்பெனிக்குப் பல சிக்னல் தொகுப்புகள் உண்டு. மூன்றாவது தொகுப்பில் ஏசி 'பீப்' என்று வாய் திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் உடனே 有反应 அழுத்தி முடித்துவிட்டேன். அதுதான் தப்பு. ஆன், ஆஃப், டிகிரி எல்லாம் வேலை செய்தன. மோடை மாற்றினால் மட்டும் மெஷின் வேறெதையோ செய்தது. மறுபடி முதலிலிருந்து பொருத்தி, ஐந்தாவது தொகுப்பில்தான் எல்லா பட்டனும் சரியாக வந்தன. ஆன் ஆகிவிட்டது என்பதோடு விடாமல், ஒவ்வொரு மோடையும் அழுத்தி, மெஷினின் முகப்பில் அதற்குரிய படம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டுச் சேமிக்க வேண்டும். எந்தத் தொகுப்புக்குமே மெஷின் அசையவில்லையென்றால், இன்னொரு போனின் செல்ஃபி கேமரா வழியாக அந்தக் கறுப்புப் புள்ளியைப் பாருங்கள். பட்டனை அழுத்தும்போது லேசான ஊதா ஒளி மினுக்கினால் போன் சிக்னல் அனுப்புகிறது.

மோடுகளின் எழுத்தில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன், புள்ளிகளை எண்ணுவது. 制冷 என்பது குளிர். அதில் 冷 எழுத்தின் இடப்பக்கம் இரண்டு புள்ளி, பனிக்கட்டியின் குறி. 除湿 என்பது ஈரம் நீக்கும் டிரை மோட். 湿 எழுத்துக்கு இடப்பக்கம் மூன்று துளி, தண்ணீர். 制热 சூடு, 热 எழுத்தின் அடியில் நான்கு புள்ளி, தீ. சில ஆப்களில் டிரை மோடை 抽湿 என்று போடுவார்கள், ஆனால் அந்த மூன்று துளி மாறாது. 抽 என்பதற்கு இழுப்பது என்று பொருள், சிகரெட் இழுப்பதற்கும் அதே எழுத்துதான். 'ஈரம் புகை' வந்த வழி அது. 送风 என்பது ஃபேன் மோட், வெறும் காற்று.

இவற்றில் 除湿 எதற்கு என்று எனக்கு மார்ச்சில்தான் புரிந்தது. குவாங்சோ இருக்கும் குவாங்தோங் மாகாணத்தில் குளிர் முடியும் சமயம் 'ஹுய்நான்தியான்' என்று ஒன்று வரும். குளிர் விலகியதும் தென்கடலிலிருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்று திடீரென்று உள்ளே வரும். சுவரும் தரையும் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வேர்ப்பதுபோல வீடு வேர்க்கும். டைல்ஸ் வழுக்கும், கண்ணாடியில் தண்ணீர் ஓடும், துவைத்த சட்டை மூன்று நாளாகியும் காயாது. துணிச் சந்தையில் வேலை பார்க்கிறவன் நான். அறையில் வைத்திருந்த சாம்பிள் துணிகளில் பூஞ்சை வாடை வந்ததும் பதறிவிட்டேன்.

நம் ஊர்ப் புத்திப்படி ஜன்னலைத் திறந்துவைத்து, 送风 போட்டேன். காற்றோட்டம் வந்தால் காயும் அல்லவா? காயவில்லை. சந்தையில் வாங்கிய சின்ன ஈரமானி 93 சதவீதம் காட்டியது, இரண்டு மணி நேரம் கழித்தும் அதே 93. ஃபேன் மோடில் கம்ப்ரசர் ஓடாது. அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடும், அவ்வளவுதான். திறந்த ஜன்னல் வழியாக நானே ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு ஆயி மேலே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.

சாத்திவிட்டு 除湿 போட்டேன். டிரை மோடில் கம்ப்ரசர் ஓடும், உள்ளே இருக்கும் காயில் என்ற குழாய்ச்சுருள் சில்லிடும், ஃபேன் மட்டும் மெதுவாகச் சுற்றும். காற்று காயிலின் மேல் நிதானமாகப் போவதால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகி, குழாய் வழியே வெளியேறும். ஆப்பில் 风速, அதாவது காற்றின் வேகத்தை எவ்வளவு தட்டினாலும் என் மெஷினில் மாறவில்லை. கெட்டுவிட்டது என்று நினைத்தேன். டிரை மோடில் வேகத்தைக் குறைவில் பூட்டிவைப்பது பல மெஷின்களில் வழக்கம்தான். இரண்டு மணி நேரத்தில் ஈரமானி 93இலிருந்து 70க்கு இறங்கியது, அறையின் வெப்பம் 22இலிருந்து 20 ஆனது. குழாயின் கீழே வைத்த பக்கெட்டில் காலையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர்.

இதில் நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஈரம் இறங்கியதும், கரண்ட் மிச்சமாகட்டும் என்று 送风க்கு மாற்றினேன். அரை மணியில் ஈரமானி மறுபடி ஏறியது. காயிலில் ஒட்டியிருந்த தண்ணீரை ஃபேன் அப்படியே அறைக்குள் ஊதிவிட்டது. ஈரக் காலத்தில் டிரை மோட் முடிந்தால் நேரே அணைத்துவிடுவதுதான் சரி. அதே ஃபேன் மோட், வறண்ட மாதங்களில் ஏசியை மூடிவைக்கும் முன் அரை மணி ஓட்டினால் காயில் காய்ந்து, நாற்றம் வராது.

டிரை மோடுக்கும் எல்லை உண்டு. ஒரு நாள் அறையே 16 டிகிரிதான். 除湿 போட்டால் கம்ப்ரசர் கிளம்பவே இல்லை. அவ்வளவு குளிரில் காயில் உறைந்துவிடாமலிருக்க மெஷின் தானே தடுத்துக்கொள்ளும். சரி, சூடாக்கிப் பார்ப்போம் என்று 制热 தொட்டேன். பீப் என்றது, ஆனால் வெறும் காற்றுதான் வந்தது. ஸ்டூல் போட்டு ஏறி மெஷினின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பார்த்தபோது விளங்கியது: KF-35GW. சூடும் தரும் மெஷின் என்றால் KFR என்று இருக்கும், அந்த R இதில் இல்லை. 35 என்பது 3500 வாட் குளிர்த்திறன். ஆப்புக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. எல்லா பட்டனையும் எல்லோருக்கும் காட்டும்.

டைமர் கதை மே மாதம் நடந்தது. அறையில் என்னோடு ஒரு மதுரைத் தம்பி சேர்ந்திருந்தான். ஒரு நாள் நான் வரத் தாமதமானதால், அவன் ஏசியின் முன்மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் அவசர பட்டனை அழுத்தி ஓடவிட்டிருந்தான். நான் வந்து படுக்கும்போது மணி பதினொன்று. மூன்று மணி நேரம் கழித்து அணையட்டும் என்று ஆப்பில் டைமருக்கான 定时 தொட்டு, 3小时, அதாவது மூன்று மணி நேரம் வைத்து, உறுதிசெய்யும் 确定 அழுத்தினேன். ஏசி அந்த நொடியே அணைந்தது. ஏதோ கை தவறிவிட்டது என்று அலுப்பில் தூங்கிவிட்டேன். இரண்டு மணிக்குத் தானாகக் கிளம்பி, விடிய விடிய ஓடியது.

காலையில் தம்பி போர்வைக்குள்ளிருந்து, "அண்ணே, ராத்திரி ஏசி தானா ஓடுச்சு. இங்க முன்னாடி யாரும் செத்துக்கித்துப் போனாங்களா?" என்றான்.

ஆப்பைத் திறந்து பார்த்தேன். 定时开 என்று இருந்தது. 开 என்றால் ஆன், 关 என்றால் ஆஃப். 开 இரண்டு தூண் வைத்த வாசல் மாதிரி இருக்கும், 关க்கு உச்சியில் இரண்டு சின்னக் கொம்பு. அகச்சிவப்பு சிக்னல் ஒருவழிப் பாதை. போன் சொல்லும், ஏசி கேட்கும். ஏசி திரும்ப எதுவும் சொல்லாது. தம்பி பட்டனை அழுத்தியது ஆப்புக்குத் தெரியாது, அதன் கணக்கில் ஏசி ஆஃப். ஆஃபில் இருக்கும் ஏசிக்கு டைமர் வைத்தால், அது ஆன் ஆவதற்கான டைமர்தானே? அதோடு ஏசி ரிமோட் ஒவ்வொரு தடவையும் மோட், டிகிரி, வேகம், ஆன்-ஆஃப் என்று முழு நிலவரத்தையும் ஒரே சிக்னலில் அனுப்பும். 'இப்போது ஆஃப், மூன்று மணி நேரத்தில் ஆன்' என்று நான் சொல்லியிருக்கிறேன், அது கேட்டிருக்கிறது.

அதிலிருந்து டைமர் வைக்கும் முன் பவர் பட்டனைத் தட்டி, திரையும் மெஷினும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வேன். அந்த ஆப்பில் இன்னொரு 定时 அமைப்புகளுக்குள் இருந்தது, அது போனின் சொந்த அலாரம். குறித்த நேரத்தில் போன் ஏசியைப் பார்த்தபடி இருந்தால்தான் வேலை செய்யும். என் போனோ தலையணைக்கு அடியில் இருக்கும். வித்தியாசம் காண ஒரு வழி உண்டு: 确定 அழுத்தியதும் ஏசி பீப் என்றால் டைமர் ஏசியிடம் போய்விட்டது. சத்தம் வரவில்லை என்றால் அது போனிடமே இருக்கிறது.

睡眠 என்னும் ஸ்லீப்பையும் நான் முதலில் டைமர் என்றே நினைத்திருந்தேன். என் மெஷினில் அது எதையும் அணைக்காது. குளிர் மோடில் 26 வைத்தால் ஒரு மணி நேரத்தில் 27, இன்னொரு மணியில் 28, பிறகு அங்கேயே நிற்கும். விடியற்காலையில் போர்வை தேடாமலிருக்க அது போதும். அணைய வேண்டுமென்றால் 定时关 தனியாக வைக்க வேண்டும், அதையும் கடைசியில்தான் வைக்க வேண்டும். டைமர் வைத்துவிட்டு மோடை மாற்றினால், அடுத்த சிக்னல் டைமரை அழித்துவிடுகிறது. ஆகவே 制冷, அப்புறம் 26, அப்புறம் 睡眠, எல்லாம் முடிந்து 定时关 5小时.

செப்டம்பரில் ஆயி அலமாரியை நகர்த்திப் பெருக்கும்போது பழைய ரிமோட் கிடைத்தது. துடைத்து, புது பேட்டரி போட்டு, பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தார். தம்பி ரிமோட்டில் போடுவான், நான் ஆப்பில் போடுவேன். ரிமோட் 24 என்றது, ஆப் ஆஃப் என்றது, ஏசி 27இல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன்.