முதன்முறை ஆலயத்துக்கு வருகிறவர்களுக்கு நான்கு நிமிடம்

சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்துக்கு நான் ஒரு சனிக்கிழமை மாலை போனேன். 1815இல் கட்டி முடிக்கப்பட்ட கோயில் அது. ஆனால் என்னைப் போன்ற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களுக்கு அதைவிட முக்கியமான தேதி 1947 செப்டம்பர் 27. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒன்றாகி எங்கள் திருச்சபையாக உருவானது அன்றுதான், அந்தப் பீடத்தின் முன்னால்தான். வெள்ளைத் தூண்களுக்கு நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் ஜெபித்தேன். கையில் எங்கள் சபையின் ஆராதனை முறைமைப் புத்தகம் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்காக நான்கு நிமிடத்தில் ஒரு சிறிய காணொலி எடுக்கப்போகிறோம், அதற்குப் பேச்சு எழுதித் தாருங்கள் என்று குருவானவர் என்னிடம் கேட்டிருந்தார். எழுதுவதற்கு முன் இங்கே வந்து போக வேண்டும் என்று மனதில் ஓர் ஆசை இருந்தது.

எங்கள் கோயிலுக்குப் புதியவர்கள் பல வழிகளில் வருகிறார்கள். மருமகளாய் வந்த பெண்ணின் பெற்றோர் வருவார்கள். வேலை மாறி ஊருக்கு வந்தவர் வருவார். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம், பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அழைத்தோம் என்பதற்காக அன்போடு வரும். எல்லோருடைய முகத்திலும் ஒரே பயம்தான்: எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது, எல்லோரும் முன்னால் போகும்போது நான் என்ன செய்வது? எங்கள் சபை மூப்பர் ஒருவர் ஆராதனையின் பகுதிகளை வரிசையாக எழுதித் தந்தார். பாவ அறிக்கை, பாவ மன்னிப்பு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம், விசுவாசப் பிரமாணம் என்று ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அதில் பதில் இல்லை. பெயர்கள் தெரிந்தவர்களுக்கு அந்தப் பட்டியலே தேவையில்லை. தெரியாதவர்களுக்கு அதைக் கேட்டாலும் பயன் இல்லை.

பேராலயத்தில் அந்த முறைமையை மெதுவாகப் படித்தபோது எனக்கு ஒரு வழி புலப்பட்டது. எங்கள் திருவிருந்து ஆராதனையில் இரண்டு வருகைகள் இருக்கின்றன. முதலில் வேதம் உள்ளே வருகிறது. பிறகு அப்பம் உள்ளே வருகிறது. இந்த இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். இதை மட்டும் சொல்லிவிட்டால் மற்றவை எல்லாம் தம் இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும்.

காணொலியின் முதல் நிமிடம் இப்படிப் போகிறது. மணி அடித்து, பாமாலை தொடங்குகிறது. எல்லோரும் எழுந்து நிற்கிறோம். ஒருவர் வேதாகமத்தைக் கையில் ஏந்தி முன்னால் நடந்து வருகிறார், பின்னால் பாடகர் குழுவும் குருவானவரும் வருகிறார்கள். வேதம் வைக்கப்படும்வரை நிற்கிறோம். அடுத்து முழங்காலில் நின்று பாவ அறிக்கை செய்கிறோம். முழங்காலிட முடியாதவர்கள் உட்கார்ந்து தலை குனிந்தால் போதும். இதைக் காணொலியில் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் முட்டிவலிக்காரர்கள் கூச்சப்பட்டுத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு வேத பாடங்களை உட்கார்ந்து கேட்கிறோம், சுவிசேஷ பாடத்துக்கு மட்டும் எழுந்து நிற்கிறோம். பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு ஜெபம் ஆகியவற்றோடு இந்தப் பாதி முடிகிறது.

இரண்டு வருகைகளுக்கும் நடுவில் சமாதானம் வருகிறது. காணொலியில் நான் அதிக நேரம் கேட்டு வாங்கியது இதற்குத்தான். 1950இல் எங்கள் திருச்சபையின் திருவிருந்து முறைமை உருவானபோது, கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து இதை எடுத்துக்கொண்டார்கள். சமாதானம் பீடத்தில் தொடங்குகிறது. குருவானவர் தம்முடன் நிற்பவருக்குக் கொடுக்கிறார். அவர் இறங்கி வந்து பெஞ்சின் ஓரத்தில் நிற்பவருக்குக் கொடுக்கிறார். அங்கிருந்து கைக்குக் கை நகர்கிறது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார். பிறகு இருவரும் தங்கள் இடது கையால் மற்றவருடைய வலது கையை மூடிக்கொள்வார்கள். நான்கு கைகளும் ஒரே கட்டாக இருக்கும். ‘தேவ சமாதானம்’ என்று மெல்லச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். பல சபைகளில் இப்போது கைகூப்பிக் கும்பிடுவதோடு முடித்துவிடுகிறார்கள். எங்கள் கோயிலில் வயதான அம்மாக்கள் இன்னும் பழைய முறையை விடவில்லை. அவர்களில் ஒருவருடைய கைகளைத்தான் படம் எடுத்தோம்: சுருக்கம் விழுந்த விரல்கள், தேய்ந்துபோன மோதிரம், அவற்றுக்குள் ஒரு சின்னப் பெண்ணின் கைகள். இதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஞானஸ்நானம் பெற்றவரா, எந்தச் சபை, எந்த மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். புதியவர் ஆராதனையில் தொட்டு உணரும் முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும் என்பதால் அதை முன்கூட்டியே காட்டிவிட விரும்பினேன்.

அதன்பின் இரண்டாவது வருகை. காணிக்கைப் பாட்டின்போது அப்பமும் திராட்சரசமும் காணிக்கையோடு சேர்ந்து முன்னால் கொண்டுவரப்படுகின்றன. பை உங்கள் பெஞ்சுக்கு வந்தால் அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம். விருந்தாளியிடம் நாங்கள் காணிக்கை எதிர்பார்ப்பதில்லை. குருவானவர் மேசைக்குப் பின்னால், எங்களைப் பார்த்து நிற்கிறார். ஒரே மேசையைச் சுற்றி நிற்கிற குடும்பம் என்பதைக் காட்டத்தான் அந்த ஏற்பாடு. உயிர்த்தெழுந்த கர்த்தர் எம்மாவூரில் அப்பம் பிட்கையில் அறியப்பட்டதுபோல எங்களுக்கும் வெளிப்பட வேண்டும் என்று சபை கேட்கும் அந்த ஜெபத்தில் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழும்.

இனிச் சொல்லக் கடினமான பகுதி. முன்னால் போய் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிறவர்கள், ஞானஸ்நானம் பெற்று, பிறகு தம் விசுவாசத்தைத் தாமே சபைமுன் அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் பெற்றவர்கள். வேறு திருச்சபையில் நற்கருணை பெறுகிறவர்களும் வரலாம். மற்றவர்கள் இதை வாங்குவதில்லை. வருத்தப்படுவார்கள் என்று இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தெரியாமல் முன்னால் வந்து, கை நீட்டியபிறகு தடுக்கப்படுவதுதான் பெரிய வருத்தம். ஆகவே காணொலியில் நேராகச் சொல்கிறோம்: ‘நீங்கள் உங்கள் இடத்திலேயே அமர்ந்து எங்களுக்காக ஜெபிக்கலாம். ஆசீர்வாதம் வேண்டுமென்றால் வரிசையில் வாருங்கள், கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். குருவானவர் உங்கள் தலையில் கைவைத்து ஜெபிப்பார்.’ எங்கள் குருவானவர் ஒத்துக்கொண்ட வழி இது. எல்லாச் சபைகளிலும் இப்படி இல்லை. வேறு இடத்துக்குப் போகிறவர்கள் வாசலில் கேட்டுக்கொள்வது நல்லது.

படம்பிடிப்பில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். ஆராதனை நடக்கும்போது காமிராவை உள்ளே கொண்டுவரவில்லை. சபையாரில் சிலரை ஒரு சனிக்கிழமை வரவழைத்து, நடை, கை, பெஞ்சு ஆகியவற்றை மட்டும் எடுத்தோம். காமிரா கடைசிப் பெஞ்சில், உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் இருந்தது. புதியவர் அங்கேதான் உட்காருவார். அவர் பார்க்கப்போகிற காட்சியும் அதுதான்.

கடைசி அரை நிமிடத்தைத் தகவலுக்கு ஒதுக்கினோம். எங்களுக்குத் திருவிருந்து எல்லா ஞாயிறும் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான். மற்ற ஞாயிறுகளில் காலை ஆராதனை, அதில் இரண்டாவது வருகை இருக்காது. இதைச் சொல்லாவிட்டால் காணொலியைப் பார்த்து வந்தவர் குழம்பிப்போவார். திருவிருந்து ஞாயிறு என்றால் சுமார் ஒன்றரை மணி நேரம், மற்ற நாட்களில் கொஞ்சம் குறைவு. செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். பாமாலைப் புத்தகம் வேண்டுமென்றால் வாசலில் நிற்கும் சபை ஊழியரிடம் கேட்டால் தருவார், பாட்டின் எண்ணையும் காட்டிக்கொடுப்பார்.