கால்பலகையைத் திருத்தப் போன கதை

கட்டட வரைபட அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்த கை என்னுடையது. தள்ளிப் போகப் போகக் கோடுகள் நெருங்கி ஒரு புள்ளியில் சேர வேண்டும் என்பது அந்தக் கைக்கு யோசிக்காமல் வரும். அதே கையோடுதான் கிரேக்கத்தின் தெசலோனிகி நகரில் ஓர் ஐகான் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தேன். ஐகான் என்றால் திரையில் சொடுக்குவது இல்லை. ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் முத்தமிட்டு வணங்கும், மரப்பலகையில் தீட்டிய திருவுருவம். இதைத் தீட்டும் வரைமுறை வளர்ந்த பைசாந்தியப் பேரரசு 1453இல் முடிந்துபோனது, அந்த வரைமுறை முடியவில்லை.

முதல் பெரிய வேலை, அரியணையில் குழந்தையோடு அமர்ந்த மரியாள். பழைய மாதிரிக் கோட்டோவியத்தைப் பலகைக்கு மாற்றி, ஊசியால் லேசாகக் கீறி வைக்க வேண்டும். மரியாளின் பாதம் இருக்கும் கால்பலகை முன்பக்கம் 9 செ.மீ., பின்பக்கம் 11 செ.மீ. அகலம் என்று இருந்தது. யாரோ நகலெடுக்கும்போது தப்பு செய்திருக்கிறார்கள் என்று நினைத்து, நான் பாட்டுக்குப் பின்பக்கத்தை 7 ஆக்கிக் கீறிவிட்டேன்.

ஆசிரியை பார்த்தார். திட்டவில்லை. "இதை யார் உள்ளே தள்ளியது?" என்றார்.

அப்புறம் ஒரு நூலை எடுத்து வந்தார். பலகை மேசையில் கிடந்தது, நான் அதன் கீழ் விளிம்புப் பக்கம் நின்றிருந்தேன். என் கால்பலகையின் இரண்டு பக்கக் கோடுகளையும் நூலால் நீட்டினால் அவை மேலே போய்க் குழந்தையின் முழங்கால் அருகே சந்தித்தன. மாதிரியில் இருந்தபடி நீட்டினால் எதிர்த்திசையில், கீழ் விளிம்பையும் தாண்டி ஒரு சாண் அளவு வெளியே வந்து, என் வயிற்றுக்கு முன்னால் சேர்ந்தன. "உன் படத்தில் நீ அவரைப் பார்க்கிறாய். இதில் அவர் உன்னைப் பார்க்கிறார்" என்றார்.

தள்ளிப் போகப் போகக் கோடுகள் விரிகிற இந்த முறைக்குத் தலைகீழ்த் தொலைநோக்கு என்று பெயர் வைத்தவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அறிஞர்கள். தீட்டியவர்கள் அப்படி ஒரு விதி வைத்துக்கொண்டு தீட்டவில்லை. நான் கீறிய அதே படத்தில் அரியணையின் பக்கங்கள் நெருங்கவும் இல்லை, விரியவும் இல்லை, இணையாகவே போயின. வரையத் தெரியாத பழக்கம்தான் இது என்று சொல்பவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பொன் ஒட்டும் வரைக்கும்.

பொன்னை வண்ணத்துக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணத்தூளும் முயல்தோல் பசையும் கலந்த பூச்சை எட்டு, பத்து தடவை பூசிக் கண்ணாடி போலத் தேய்க்கிறோம். பொன் வருமிடத்தில் மட்டும் சிவந்த களிமண் பூச்சு. அதை ஈரமாக்கி, மூச்சு பட்டாலே பறந்துவிடும் பொன் இதழை வைத்து, காய்ந்ததும் அகேட் கல்லால் மெருகேற்ற வேண்டும். சீக்கிரம் தேய்த்தால் இதழ் கிழிந்து வரும், ரொம்பக் காயவிட்டால் மெருகு ஏறாது. கல்லால் மெல்லத் தட்டிப் பார்ப்போம். மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம், டக்கென்று கேட்டால் தேய்க்கலாம். நான் முதல் தடவை அவசரப்பட்டு உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு தெரிகிற மாதிரி உரித்துவிட்டேன்.

முடிந்த படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பப் போனில் எடுத்தபோது பொன் பூராவும் கறுப்பாக வந்தது. மெருகேறிய பொன் கண்ணாடி மாதிரி, தனக்கு எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரில் இருட்டான சுவர். விளக்கை நிறுத்திவிட்டு ஒரு மெழுகுவர்த்தியைப் படத்துக்குக் கீழே வைக்கச் சொன்னார் ஆசிரியை. முட்டைக்கருவில் குழைத்த வண்ணம் முகத்தில் மங்கலாக, அசையாமல் நின்றது. சுற்றிலும் பொன் மட்டும் சுடரோடு அசைந்தது. ரஷ்யப் பட்டறைகளில் இந்தப் பின்புலத்தை 'ஒளி' என்றே சொல்வார்களாம். சரிதான், பின்னால் வானமோ சுவரோ எதுவும் இல்லை. படத்துக்குள் எங்கிருந்தும் வெயில் விழவில்லை, அதனால் யாருக்கும் தரையில் நிழலும் இல்லை.

நான் திருத்திய கால்பலகை ஏன் பொருந்தவில்லை என்று அப்போதுதான் பிடிபட்டது. என் கோடுகள் ஆழத்துக்குள் போகப் பார்த்தன, ஆனால் பொன் ஆழத்தை அடைத்துவிட்டிருக்கிறது, போக இடமில்லை. அப்படி அடைத்த பிறகு மிச்சமிருக்கும் ஒரே வெளி, படத்துக்கும் கும்பிடுகிறவருக்கும் நடுவில் இருப்பதுதான். கோடுகளும் அங்கேதான் வருகின்றன. அந்தக் காலத்தில் தீட்டியவன் இதை இறையியலாக யோசித்தானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மெழுகுவர்த்தி முன்னால் நின்று பார்த்தவன் நிச்சயம் இதைக் கவனித்திருப்பான்.

தப்பாகக் கீறிய கோட்டைச் சுண்ணப் பூச்சால் நிரப்பி, 11 செ.மீ. அளவில் மறுபடி கீறித்தான் அந்தப் படம் முடிந்தது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், வண்ணத்துக்கு அடியில் என் 7 செ.மீ. கோடு லேசாக மேடிட்டுத் தெரியும்.